வாளி சுழற்றும் கணக்கு: r எதுவரை அளக்கணும்?

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கிற என் மகளுக்காகக் கேட்கிறேன். கணக்கு இதுதான்: 0.8 மீட்டர் கயிற்றில் கட்டிய தண்ணீர் வாளியைச் செங்குத்து வட்டத்தில் சுற்றுகிறோம். உச்சியில் கயிறு தளராமலிருக்கக் குறைந்தபட்ச வேகம் என்ன?

உச்சியில் இழுவிசை, எடை இரண்டுமே கீழ்நோக்கி, மையத்தைப் பார்த்து இருக்கும்:

`T + mg = mv²/r`

T = 0 என்றால் `v = √(gr)`. நிறை அடிபட்டுவிடும், எனவே தண்ணீர் அரை வாளியா முழு வாளியா என்பது இந்தச் சூத்திரத்தில் நேரடியாக வராது. r = 0.8 போட்டால் 2.8 மீ/வி. விடையும் அதுதான்.

ஆனால் வாளியும் தண்ணீரும் சேர்ந்த நிறைமையம் முடிச்சிலிருந்து இன்னும் 0.2 மீட்டர் தள்ளி இருந்தால்? r = 1.0, வேகம் 3.13 மீ/வி. நிறைமையம் 2.8-இல் போனால் வட்டப்பாதைக்கு ஒரு கிலோவுக்கு 7.84 நியூட்டன் போதும், எடையோ 9.8. மீதி விசை வாளியை உள்ளே இழுக்கும், கயிறு தொய்ந்துவிடும் இல்லையா?

வாளியின் அளவு தரப்படாத கேள்வியில் கயிற்றின் நீளத்தையே r என்று எடுப்பதுதான் வழக்கமா? தேர்வில் அந்த அனுமானத்தைத் தனியாக எழுதிக் காட்டணுமா? இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்களேன்.