உத்தி விளக்கக்காட்சியை ஓ.கே.ஆர். பட்டியலாக மாற்றினேன்: எல்லாம் பச்சை, எதுவும் நகரவில்லை

கேள்வி கேட்டவர்

வணக்கம். சிறு வணிகர்களுக்கான பில் மென்பொருளைச் சந்தா முறையில் விற்கும் நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நிர்வாகம் கொடுத்த 38 ஸ்லைடுகளை ஓ.கே.ஆர். முறையில் 6 குறிக்கோள்களாகவும், அவற்றை எட்டினோமா என்று காட்டும் 27 முக்கிய முடிவுகளாகவும் மாற்றினேன். காலாண்டு முடிவில் 24 பச்சை. ஆனால் பதிவு செய்துவிட்டு ஒரு பில்கூடப் போடாமல் போய்விடுகிறவர்கள் குறையவேயில்லை.

“புதிய வாடிக்கையாளருக்கு ஈடு இணையற்ற தொடக்கம்” என்ற ஸ்லைடை இப்படி எழுதியிருந்தேன்:

1. புதிய வரவேற்புப் பக்கத்தை வெளியிடுதல்
2. 5 பயிற்சிக் காணொளிகள் தயாரித்தல்
3. வாடிக்கையாளர் திருப்தியை உயர்த்துதல்

பொறுப்பு: தயாரிப்புக் குழு, சந்தைப்படுத்தல் குழு

எங்கே தவறினேன்?

பதில் 1

27 மிக அதிகம், பாதியாகக் குறையுங்கள். இலக்கையும் உயர்த்தி வையுங்கள். 70 சதவீதம் எட்டினாலே வெற்றிதான், கூகுளிலேயே அப்படித்தான்.

பதில் 2

குறைக்கச் சொன்னது சரி. ஆனால் அந்த 70 சதவீதக் கணக்கு எட்டாக் கனியாகத் தெரியும் பெரிய இலக்குகளுக்கு மட்டுமே. செய்தே தீருவோம் என்று வாக்குக் கொடுத்த இலக்குக்கு 70 என்றால் அது தவறியதுதான். எது எந்த வகை என்று பட்டியலிலேயே குறித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் முதல் இரண்டு வரிகளும் வேலைகள். பக்கம் வெளியான அன்றே பச்சையாகிவிடும். அதை ஒருவர்கூடத் திறந்து பார்க்காவிட்டாலும் பச்சைதான். மூன்றாவதில் எண்ணே இல்லை. ஸ்லைடின் வாசகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, “இது நடந்துவிட்டால் யார், எதை, இன்று செய்யாத விதத்தில் செய்வார்?” என்று அதை எழுதியவரிடமே கேளுங்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: புதிதாக வந்தவர் முதல் பில்லைப் போடுவார். இன்றைய நிலை 31 என்று வைத்துக்கொண்டால் வரி இப்படி வரும்:

“பதிவு செய்த 100 பேரில், 14 நாட்களுக்குள் முதல் பில் போடுகிறவர்கள் 31-லிருந்து 45 ஆக வேண்டும்.”

கூடவே காவலுக்கு ஓர் எண்: 100 புதியவர்களுக்கு வரும் உதவிக் கோரிக்கைகள் இப்போதுள்ள அளவைத் தாண்டக்கூடாது. இல்லையென்றால் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பில் போடவைத்து 45-ஐக் காட்டிவிடலாம். காணொளியும் வரவேற்புப் பக்கமும் இந்த வரிக்குக் கீழே வேலைகளாக இருக்கட்டும். பலன் தராவிட்டால் நடுவிலேயே மாற்றலாம்.

பொறுப்பில் குழுப் பெயர் வேண்டாம், ஒரே ஒருவர் பெயர் வேண்டும். எல்லா வேலையையும் அவரே செய்ய வேண்டியதில்லை. எண் நகராத வாரத்தில் ஏன் என்று சொல்ல வேண்டியவர் அவர்.

பதில் 3

இதற்கு எந்த மென்பொருள் நல்லது என்று தேடி நாங்களும் இரண்டு மாதம் செலவழித்தோம். கடைசியில் சாதாரண விரிதாளே போதுமானதாக இருந்தது.

பதில் 4

எங்கள் தொண்டு நிறுவனத்தில் ஒரு வரிக்கு இரண்டு பொறுப்பாளர்களைப் போட்டோம். எண் சரிந்ததை இருவருமே பார்த்திருக்கிறார்கள்; மற்றவர் கவனிப்பார் என்று இருவருமே இருந்துவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் கூட்டத்தில் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. 31 என்று நீங்கள் சொன்னது வியப்பாக இருந்தது. தரவை எடுத்துப் பார்த்தால் எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஓர் ஐயம்: வரவேற்புப் பக்கம் 8-ஆம் வாரத்தின் முடிவில்தான் வெளியாகும். 13 வாரக் காலாண்டில் எதை அளப்பது?

பதில் 2

நல்ல வேளை, இப்போதே கேட்டீர்கள். கடைசி 2 வாரங்களில் சேர்ந்தவர்களுக்கு 14 நாட்கள் முடிந்திருக்காது, அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. மீதி 11 வாரங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் சிக்கல். முதல் 8 வாரங்களில் 400 பேர் சேர்ந்து 124 பேர் பில் போட்டார்கள், அதாவது 31 சதவீதம். அடுத்த 3 வாரங்களில் 150 பேர் சேர்ந்து 72 பேர் போட்டார்கள், 48 சதவீதம் என்று வையுங்கள். மொத்தமாகப் பார்த்தால் 550-க்கு 196, ஏறத்தாழ 36 சதவீதம். இலக்கைத் தாண்டிய மாற்றம் தோல்வி போலத் தெரியும். எனவே “9 முதல் 11 வாரங்களில் பதிவு செய்தவர்களில்” என்று இப்போதே வரியில் எழுதிவிடுங்கள். பின்னால் சேர்த்தால் எண்ணுக்கேற்ப வரம்பை வளைத்ததாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

அப்படியே எழுதுகிறேன். பொறுப்பாளராகத் தயாரிப்புக் குழுவில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் பதிவுப் படிவம் சந்தைப்படுத்தல் குழுவின் கையில் இருக்கிறது, அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

பதில் 4

எங்களிடமும் அதுதான் இன்னும் தீராத சிக்கல்.

பதில் 2

அதிகாரம் இல்லாதவரிடம் எண்ணை மட்டும் ஒப்படைப்பது அவருக்குச் செய்யும் அநீதி. காலாண்டு தொடங்கும் முன், இரண்டு குழுத் தலைவர்களையும் உட்காரவைத்து, படிவத்தை மாற்றும் உரிமையை 13 வாரத்துக்கு அவருக்குக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால், படிவம் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரைப் போடுவதா, இலக்கைக் குறைப்பதா என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்

திங்கட்கிழமை கூட்டம் வைத்திருக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.