தனி ஆளாகத் தொழில்: ஒரே வகை வேலையைச் சேர்த்துச் செய்து பார்த்தவர்களின் அனுபவம்

பை தைப்பவர்:
ஆர்டரின் பேரில் தோள்பைகள் தைத்துத் தருகிறேன். வெட்டுவது முதல் பார்சல் கட்டுவது வரை எல்லாம் நான்தான். முன்பு ஒரு பையை முடித்து அனுப்பிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன். தடித்த கித்தானுக்கு 100/16 ஊசி, உள்துணிக்கு 90/14. ஒவ்வொரு பைக்கும் ஊசியை மாற்றி, நூலை மாற்றி, துண்டுத் துணியில் இரண்டு வரி ஓட்டி இறுக்கம் சரிபார்த்தாக வேண்டும். தைக்கும் நேரத்துக்குச் சமமாக இந்தச் சில்லறை வேலைகளே விழுங்கிவிடும்.

இப்போது வாரத்துக்கு எட்டுப் பைகள். திங்கள் எல்லாவற்றையும் வெட்டி, பாபின்களைச் சுற்றி வைத்துவிடுவேன். செவ்வாய் உள்துணி மட்டும், புதன் கித்தான் மட்டும். வியாழன் பிசிறு வெட்டி, படம் எடுத்து, பார்சல். வெள்ளி கணக்கும் கொள்முதலும். இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் இயந்திரத்துக்கு உறை போட்டுவிடுவேன். சனிக்கிழமையை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் அனுபவம் என்ன?

வடிவமைப்பாளர்:
நானும் இதே கட்சிதான். ஆனால் எட்டு எதற்கு? எவ்வளவு பெரிய தொகுப்போ அவ்வளவு நேரம் மிச்சம். ஒரு மாத ஆர்டரையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுங்கள். செய்திகளுக்கும் நாளைக்கு ஒரே ஒரு முறை பதில் போதும்.

மரவேலைக்காரர்:
வடிவமைப்பாளர் சொல்வதில் பாதிதான் சரி. ஊசி மாற்றும் நேரம் மிச்சமாகும், உண்மை. ஆனால் தொகுப்பு பெரிதானால் தவறும் பெரிதாகும். அளவட்டையில் அரை சென்டிமீட்டர் பிசகினால், அது தெரிவதற்குள் அத்தனை துண்டும் வெட்டுப்பட்டிருக்கும். நான் இழுப்பறைப் பெட்டி செய்பவன். ஒரு பெட்டியை முதலில் முழுதாக முடித்து, திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் மற்றவற்றுக்குப் பலகை அறுப்பேன்.

இன்னொன்று, ஓய்வு நேரம் தைக்கும்போது பறிபோவதில்லை, தேதி சொல்லும்போதே பறிபோய்விடுகிறது. கையில் 24 ஆர்டர், வாரத்துக்கு எட்டு முடியும் என்றால், புதிதாக வருபவருக்கு முந்தைய மூன்று வாரமும் அவருடைய வாரமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய் தவறி இரண்டு வாரம் என்றால் மீதி இரண்டு வாரத்தை ராத்திரியில்தான் தேட வேண்டியிருக்கும். எட்டு முடியும் என்றாலும் ஆறுக்குத்தான் வாக்குக் கொடுங்கள். ஊசி முறியும், கொக்கி வந்து சேராது, ஒரு பை திரும்பி வரும். அந்த இரண்டு பை இடம் அதற்குத்தான். அது காலியாகவே இருந்துவிட்டால் சனிக்கிழமை உங்களுடையது.

கைப்பேசி பழுது பார்ப்பவர்:
இதெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்பவர்களுக்குச் சரி. என் முன்னால் ஆள் நிற்கிறார். திரையை வியாழக்கிழமை மாற்றித் தருகிறேன் என்று சொல்ல முடியுமா? அது போகட்டும், உதவிக்கு ஆள் வைத்தால் எவ்வளவு சம்பளம் கொடுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

மரவேலைக்காரர்:
சம்பளக் கணக்கு எனக்குத் தெரியாது. வியாழன் வரை நிறுத்தி வையுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. வாங்கும்போது ஐந்து நிமிடம் பார்த்து, குறையை எழுதிச் சீட்டுக் கொடுங்கள். பழுது பார்ப்பதை மதியத்துக்குத் தள்ளி, அந்த நேரத்தில் வரவேற்பை மூடுங்கள். திரைகள் ஒன்றாக, மின்கலங்கள் ஒன்றாக. இடையில் குறடை வைத்துவிட்டு எழுந்து போனால், எந்தத் திருகு எந்தக் குழியில் என்று திரும்பத் தேடுகிறீர்களே, அதுதான் உங்கள் ஊசி மாற்றம்.

கைப்பேசி பழுது பார்ப்பவர்:
திருகு விஷயம் உண்மைதான். மதியம் மூடினால் வருபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதற்குப் பதில் வரவில்லையே.

கணக்கு எழுதுபவர்:
எனக்கு உதவியது வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் தானியங்கிப் பதில்தான். வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி வைத்திருக்கிறேன். "நாளை காலை 10 மணிக்குள் பதில் தருகிறேன்" என்று மணியைக் குறிப்பிட்ட பிறகு, இரவில் திரும்பத் திரும்பக் கேட்பது குறைந்தது. "விரைவில்" என்று மட்டும் இருந்தபோது குறையவில்லை. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பதில் எழுதுகிறேன். வடிவமைப்பாளர் சொல்லும் ஒரே முறை எனக்குச் சரிவராது. வாடிக்கையாளர் ஒரு சந்தேகம் கேட்டு, நான் பதில் சொல்லி, அவர் ரசீது அனுப்புவதற்கே மூன்று நாள் ஆகிவிடும்.

உடல் அசதியை நான் பெரிதாக எடுப்பதில்லை, தூங்கினால் போய்விடும். நல்ல வாடிக்கையாளரின் பெயர் திரையில் வந்தாலே எரிச்சல் வருகிறதா என்று பார்ப்பேன். அது தொடர்ந்தால் அந்த வாரம் புது வேலை எடுப்பதில்லை.

பை தைப்பவர்:
ஆறுக்கு வாக்கு என்பதை அடுத்த வாரமே பிடித்துக்கொள்கிறேன். இப்போது கையில் இருக்கும் ஆர்டர்களுக்கு ஏற்கெனவே தேதி கொடுத்தாயிற்று. அவர்களிடம் இப்போதே பேசித் தேதியைத் தள்ளுவதா, இந்த ஒரு சுற்றை முடித்துவிட்டு மாறுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.