கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உடற்கல்வி வகுப்பு

பழையபந்து
ஆறாம் வகுப்புக்கு வீடியோவில் 40 நிமிட உடற்கல்வி வகுப்பு. பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் நிற்க மட்டுமே இடம் இருக்கிறது. ஒரு மாணவிக்குக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம்தான். கையை விரித்தால் சுவரில் இடிக்கிறது. இந்த வாரம் ஸ்குவாட் சொல்லித் தரவேண்டும். இடம் குறைந்த பிள்ளைகளை வைத்து நடத்தியவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

நிழல்மரம்
இடம் இல்லையென்றால் வீடியோவைக் குறைந்த தரத்தில் பதிவு செய்து அனுப்புங்கள் சார். ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிவிட்டால் போனில் இடம் அடைக்காது. பார்த்ததும் அழிக்கச் சொல்லலாம்.

பழையபந்து
நான் கேட்டது வீட்டில் இருக்கும் இடம். ஆனாலும் துண்டுகளாக அனுப்புவது உதவும், இணைப்பு அறுந்த பிள்ளைகள் பிறகு பார்த்துக்கொள்வார்கள். நன்றி.

ஓட்டக்காரர்
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நின்ற இடத்திலேயே குதிக்கச் சொல்லுங்கள். கயிறில்லாத ஸ்கிப்பிங்குக்கு இரண்டடிக்கு இரண்டடி போதும். மூச்சும் நன்றாக வாங்கும்.

விசில்
தரைக்கணக்கு சரிதான், ஓட்டக்காரர். ஆனால் இடத்துக்கு உயரமும் உண்டு. குதிக்கும்போது கை தலைக்கு மேலே போகும், அங்கே மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். மாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக்காரர் இரண்டாம் நிமிடமே கதவைத் தட்டுவார். பிள்ளைகள் சாக்ஸ் போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் குதிப்பார்கள், அல்லது சிறு மிதியடி விரிப்பின் மேல் நிற்பார்கள். இரண்டுமே காலடியில் நழுவும். வீட்டு வகுப்பில் வெறுங்கால், அல்லது பிடிப்புள்ள ஷூ. வேறெதுவும் வேண்டாம்.

குதிப்பதால் கிடைக்கும் மூச்சு வாங்கலை வேறு வழியில் கொண்டுவரலாம். முன்பாதம் தரையை விட்டு எழாமல் குதிகாலை மட்டும் மாறிமாறித் தூக்கவேண்டும், கை மட்டும் ஓட்டத்தில் ஆடுவதுபோல வேகமாக ஆடவேண்டும். 30 விநாடி செய்து 30 விநாடி ஓய்வு, ஆறு முறை. ஓய்வின்போது ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். மூச்சு விடாமல் சரளமாகப் பேசிவிட்டால் வேகம் போதவில்லை. இரண்டு சொல்லுக்குமேல் வராவிட்டால் அதிகம்.

இப்போது அந்த மாணவி. முதல் ஐந்து நிமிடத்தை இடத்தை அளக்கவே ஒதுக்குங்கள். நின்று கையை விரித்து மெதுவாக ஒரு சுற்று. பிறகு கையை மேலே தூக்கி ஒருமுறை, பிறகு நீட்டிப் படுத்து ஒருமுறை. எங்கே இடித்தது என்று அவரே சொல்லட்டும். இடம் சதுரமா, நீளப் பட்டையா என்று தெரிந்துவிட்டால் எந்தப் பயிற்சி என்பது தானே முடிவாகும். இவருடையது பட்டை. பக்கவாட்டு அசைவுகளை அடியோடு விட்டுவிட்டு, முன்பின் அசைவும் நின்ற இடத்து அசைவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குவாட்டுக்கு அந்த இரண்டரை அடி அகலமே உதவி. சுவரைப் பார்த்து நிற்கட்டும், கட்டில் முதுகுப் பக்கம். குதிகால் கட்டிலிலிருந்து நாலு விரல்கடை தள்ளி இருந்தால், பாதத்துக்குப் போக சுவர்வரை ஓர் அடிக்குமேல் மிஞ்சும். கையை முன்னால் நீட்டினால் சுவரில் முட்டும், எனவே மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளட்டும். மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்கவேண்டும். பின்பக்கம் மெத்தையைத் தொட்டதும் எழுந்துவிடவேண்டும், உட்காரக் கூடாது. மெத்தை அமுங்குவதால் உட்கார்ந்தால் உடல் பின்னால் சாய்ந்து, எழும்போது முதுகை வீசி எழுவார்கள். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மொத்தம் மூன்று சுற்று. எளிதாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டவேண்டாம். இறங்கும் நேரத்தை ஐந்தாக்குங்கள், அதே இடத்தில் பாடு கூடும்.

கட்டிலுக்குச் சக்கரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதன் மறுபக்கம் சுவரோடு ஒட்டியிருக்கவேண்டும்.

மூன்றாம்மாடி
என் மகனுக்கு முட்டியில் 'கடக்' என்று சத்தம் வருகிறது. அவனும் இதே ஸ்குவாட் செய்யலாமா?

விசில்
சத்தம் மட்டும் வந்து வலியோ வீக்கமோ இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை அம்மா. வலி இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே எழுதுவதை வைத்து முடிவெடுக்கவேண்டாம்.

நிலா_டீச்சர்
விசில் சார் கேமராவைச் சொல்லவில்லை, வீடியோ வகுப்பில் பாதிப் பிரச்சினை அங்கேதான். ஒரு பிள்ளை முழு உடலும் தெரிய நிற்கவேண்டுமென்றால் நிமிர்த்தி வைத்த போனிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நிற்கவேண்டும். அந்த மாணவிக்கு இருப்பதே ஆறடி. முழு உடல் வேண்டும் என்று கேட்காதீர்கள். போனைப் பட்டையின் ஒரு முனையில், முட்டி உயரத்தில், ஒரு ஸ்டூலில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அவர் சுவரைப் பார்த்து நிற்பதால் உங்களுக்குப் பக்கவாட்டுத் தோற்றம் தானாகக் கிடைக்கும். இடுப்பிலிருந்து பாதம்வரை தெரிந்தால் போதும், பார்க்கவேண்டியது குதிகால்தான். அது தரையை விட்டுக் கிளம்பினால் அவர் எடையை முன்பாதத்தில் போடுகிறார். கொஞ்சம் குறைவாக இறங்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். முட்டி உள்பக்கம் மடிகிறதா என்பது பக்கவாட்டில் தெரியாது. அதற்கு ஒரு சுற்று மட்டும் போனைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும்.

இன்னொன்று. "ஒன்று, இரண்டு" என்று நீங்கள் எண்ண அவர்கள் கூடவே செய்வது வீடியோவில் நடக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் குரல் வேறு வேறு தாமதத்தில் போகிறது. திரையில் பிள்ளைகள் முன்னும் பின்னுமாகத் தெரிவதைப் பார்த்து நீங்கள் வேகத்தை மாற்றுவீர்கள், அவர்கள் இன்னும் குழம்புவார்கள். "தொடங்கு", "நிறுத்து" மட்டும் சொல்லுங்கள். தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய ஒரே அளவு தாமதமாகப் போவதால் எல்லோருக்கும் அதே 30 விநாடிதான் கிடைக்கும். நடுவில் எண்ணிக்கை அவரவர் வாயில். நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்வதும் இதனால்தான் சரியாக வருகிறது.

விசிலும் கைதட்டலும் வேண்டாம். செயலியின் இரைச்சல் நீக்கம் அவற்றைப் பேச்சல்லாத சத்தம் என்று அமுக்கிவிடும், பிள்ளைகளுக்குக் கேட்கவே கேட்காது. பாட்டும் அப்படித்தான் அறுந்து அறுந்து போகும். Zoom-இல் `Original sound for musicians` என்ற அமைப்பைப் போட்டால் பாட்டு ஒழுங்காகப் போகும், ஆனால் உங்கள் வீட்டு மின்விசிறி சத்தமும் சேர்ந்தே போகும்.

ஓட்டக்காரர்
உயரத்தை நான் நினைக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேமராவை எல்லோரும் கட்டாயம் போடவேண்டும் என்பதில் மாறமாட்டேன். குதிகாலைப் பார்க்காமல் எப்படித் திருத்துவது?

நிலா_டீச்சர்
ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீடுகள் உண்டு. பின்னால் யாரோ படுத்திருப்பார்கள். கட்டாயம் என்றதும் அந்தப் பிள்ளை வகுப்புக்கே வராமல் போய்விடும். கேமரா போட முடியாதவர் சுற்று முடிந்ததும் ஒரு வரி எழுதட்டும்: மெத்தையைத் தொட்டது எத்தனை முறை, எடை குதிகாலிலா விரலிலா.

ஓட்டக்காரர்
விரலில் எடை இருப்பது ஒரு பிள்ளைக்குத் தெரியுமா?

விசில்
சொல்லிக்கொடுத்தால் தெரியும். கீழே இறங்கிய நிலையில் கால்விரல்களைத் தூக்கி ஆட்டச் சொல்லுங்கள். ஆட்ட முடிந்தால் எடை பின்னால் இருக்கிறது. ஆனால் முட்டி மடிவதை அவர்களால் உணர முடியாது. அதற்குக் கேமரா இல்லாமல் எனக்கும் வழி கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

பழையபந்து
மாணவியிடம் கேட்டேன். கட்டிலுக்குச் சக்கரம் இல்லை, போன் வைக்க ஸ்டூல்தான் இல்லை. புத்தகங்களை முட்டி உயரத்துக்கு அடுக்கினால் சரிந்துவிடுகிறது.

நிலா_டீச்சர்
ஒரு பையில் நாலைந்து புத்தகங்களைப் போட்டு அந்த முனையில் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு, வெளிப்பக்கத்துப் பையில் போனைச் செருகலாம். பை ஆடாமலிருக்க அதன் அடி கதவோடு ஒட்டியிருக்கட்டும். உயரம் முட்டிக்குக் கொஞ்சம் மேலே வரும், பரவாயில்லை, போனை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்தால் பாதம் தெரியும். கதவைத் தாழ் போட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.