நீண்ட பயணத்துக்குக் கூலிங் கிளாஸ்: போலரைஸ்டா, சாதா டின்ட்டா?

வணக்கம் நண்பர்களே. மாதம் இருமுறையாவது சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரோட்டிப் போகிறேன். மதுரை தாண்டியதும் மேற்கு வெயில் பக்கவாட்டில் அடிக்கும். தார் ரோடு கண்ணாடி மாதிரி மின்னும், டேஷ்போர்டின் பிம்பமும் முன்கண்ணாடியில் விழும். எனக்குத் தூரப் பார்வைக்கு பவர் உண்டு, அதனால் பவரோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

கடையில் முதலில் காட்டியது வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ். அது வேண்டாம் என்று விட்டேன். அது கறுப்பதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும், காரின் முன்கண்ணாடியோ அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். உள்ளே உட்கார்ந்தால் அரைகுறையாகத்தான் கறுக்கும்.

அடுத்தது போலரைஸ்டு. நண்பருடையதைப் போட்டுப் பார்த்தேன். ரோட்டுப் பளபளப்பும் டேஷ்போர்டு பிம்பமும் நன்றாகவே அடங்கின. ஆனால் ஸ்டாண்டில் இருந்த போனில் மேப் கறுத்துவிட்டது, போனைப் படுக்கவைத்ததும் தெரிந்தது. காரின் ஸ்கிரீனை அப்படித் திருப்ப முடியாதே!

புற ஊதாப் பாதுகாப்புக்கு UV400 கேட்டு வாங்கிவிடுவேன், அதில் குழப்பமில்லை. கறுப்பு அளவில் 4ஆம் வகை வண்டி ஓட்ட ஆகாது என்பதும் தெரியும். 2ஆ, 3ஆ என்பதில்தான் திணறுகிறேன். மரநிழலுக்குள் நுழையும்போது 3 இருட்டடிக்குமா? சாம்பல் நிறமா, பழுப்பா? பவர் போட்ட போலரைஸ்டு வைத்திருப்பவர்கள், கார் ஸ்கிரீன் எப்படித் தெரிகிறது என்று வண்டி மாடலோடு சொன்னால் பெரிய உதவி.