துபாய் வீட்டு ஓனருக்கு அரபியில் ரிப்பேர் புகார்: ஏன் தப்பாகப் புரிந்துகொண்டார்?

மேலப்பாளையத்து அக்கா:
என் தம்பி தேராவில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறான். படுக்கையறைச் சீலிங்கில் மேல்வீட்டுத் தண்ணீர் இறங்கி, சுண்ணாம்பு பெயர்ந்து கட்டில் மேலேயே விழுகிறது. ஓனர் அரபிக்காரர், வேறு பாஷை தெரியாது. நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை, தம்பியோடு வேலை பார்க்கும் ஒரு சூடான்காரர் அவன் சொல்லக் கேட்டு அரபியில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓனர் பதில்: "பராமரிப்பு உங்கள் பொறுப்பு." நான் எழுதியது இதுதான்:

"மாடி பாத்ரூமில் இருந்து ஒழுகுது. பல தடவை சொல்லியாச்சு. யாரும் வரலை. பிள்ளைகளுக்குச் சளி. உடனே சரி பண்ணித் தரணும்."

இதில் என்ன தப்பு?

தாமிரபரணிக்காரன்:
துபாயில் 500 திர்ஹத்துக்குக் கீழே உள்ள ரிப்பேர் குடியிருப்பவர் தலையில், அதற்கு மேலே ஓனர் தலையில். சட்டமே அதுதான். ரசீதை அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை வாடகையை நிறுத்தி வைத்தால் தானாக வருவார்.

பேட்டை அண்ணாச்சி:
தம்பி, 500 திர்ஹம் பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும் நிபந்தனை, சட்டம் இல்லை. 2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம், 16-ஆவது பிரிவு: வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் பராமரிப்பு ஓனர் பொறுப்பு. அதனால் அக்கா, முதலில் ஒப்பந்தத்தில் பராமரிப்பு பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாடகையை மட்டும் நிறுத்தவே கூடாது. நோட்டீஸ் வந்து 30 நாளில் கட்டாவிட்டால் அதையே காரணமாக வைத்து வெளியேற்றக் கேட்கலாம். ரிப்பேர் வழக்கு போய் வாடகை வழக்கு ஆகிவிடும்.

நான் அங்கே டைப்பிங் சென்டரில் இருந்தவன். அந்த அரபிக் கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.

மேலப்பாளையத்து அக்கா:
போட்டிருக்கிறேன் அண்ணாச்சி.

பேட்டை அண்ணாச்சி:
பார்த்தேன். "ஹம்மாமில் இருந்து தண்ணீர் கசிகிறது" என்று மட்டும் இருக்கிறது. உங்கள் 'மாடி' விழுந்துவிட்டது. ஓனர் அதைத் தம்பி வீட்டு பாத்ரூம் என்று படித்திருக்கிறார், குழாய் வாஷர் போனதற்கு எனக்கு ஏன் எழுதுகிறான் என்று நினைத்திருப்பார். 'எங்களுக்கு மேலே உள்ள ஃபிளாட்டின் ஹம்மாம்' என்று இருக்க வேண்டும்: "மின் ஹம்மாமிஷ் ஷக்கத்தில் உல்விய்யா."

அடுத்து "சொல்லியாச்சு". யார், யாரிடம், எப்போது? தமிழில் இல்லாமலே ஓடும், அரபியில் வினைக்கு ஆள் வேண்டும். இங்கே "சொல்லப்பட்டது" என்று போட்டிருக்கிறார், படிப்பவருக்கு ஒன்றும் ஒட்டாது. "நான் உங்கள் வாட்ச்மேனிடம் இன்ன தேதியில் சொன்னேன்" என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பவர் கற்பனை செய்ய இடமே கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, அந்த அரபிக் கடிதத்தில் ஃபிளாட் நம்பரை 12-304 என்று அடித்திருக்கிறார். அரபி எழுத்துக்குப் பின்னால் வந்தால் நடுக்கோடு இருக்கும் எண் திரையில் 304-12 என்று திரும்பிவிடும். போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறது. கட்டடம் 12, ஃபிளாட் 304 என்று தனித்தனியாகப் போடுங்கள். தேதியில் மாதத்தை எண்ணில் போடாமல் பெயரில் போடுங்கள், ஜூனுக்கு அங்கே "யூனியூ".

"உடனே" வேண்டாம். கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் ஆள் அனுப்புங்கள், மாலை ஆறுக்கு மேல் வீட்டில் இருப்போம் என்று எழுதினால், தவறினால் காட்டுவதற்கு ஒரு கெடு இருக்கும். சலாமும் "அல்ஃபாளில்" என்று பெயருக்கு முன் ஒரு மரியாதையும் முதல் வரியில் இருக்கட்டும்.

கடையநல்லூர் வாத்தியார்:
எங்கள் மதரஸா ஹஜ்ரத்திடம் கொடுத்தால் சுத்தமாக எழுதித் தருவாரே? என் மகளுக்குத் தமிழில் இருந்து அரபிக்கு ஒரு நிக்காஹ் சான்றிதழ் வேண்டும், அதையும் அவரே செய்யலாமா?

பேட்டை அண்ணாச்சி:
ஹஜ்ரத் இலக்கணத்தில் பிசகமாட்டார். ஆனால் சீலிங், டிரெயின் பைப், ஏசிக்கு அங்கே புழங்கும் சொற்களை அங்கே இருந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சான்றிதழ் வேறு விஷயம், அரசு அலுவலகத்துக்குப் போகிறது என்றால் முத்திரை உள்ள சட்ட மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். அக்கா விஷயத்திலும் அப்படியே. ஓனருக்கு அனுப்பும் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. விஷயம் வாடகைத் தகராறு மையத்துக்குப் போனால்தான் அந்தச் செலவு.

மேலப்பாளையத்து அக்கா:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. தம்பியிடம் கேட்டு மாற்றி எழுதினேன்:

"அஸ்ஸலாமு அலைக்கும். கட்டடம் 12, ஃபிளாட் 304-இல் குடியிருக்கிறேன். எங்களுக்கு மேலே உள்ள ஃபிளாட்டின் பாத்ரூமில் இருந்து எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் தண்ணீர் இறங்குகிறது. சுண்ணாம்பு பெயர்ந்து விழுகிறது. ஜூன் 3 அன்று நான் வாட்ச்மேனிடம் சொன்னேன். யாரும் வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் மேலே உள்ள குழாயையும் எங்கள் சீலிங்கையும் சரிசெய்ய ஆள் அனுப்புங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்போம். படங்கள் இணைத்திருக்கிறேன்."

பிள்ளைகள் சளியை எடுத்துவிடலாமா? அப்புறம் இன்னொன்று, மேல் ஃபிளாட் வேறு ஓனருடையதாம்.

பேட்டை அண்ணாச்சி:
சளியைக் கடைசியில் ஒரு வரியாக வையுங்கள், டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும். மேல் ஃபிளாட் வேறு ஆள் என்றால், 'மேலே உள்ள குழாய்' என்ற இடத்தில் "மேல் ஃபிளாட் ஓனரிடம் பேசி" என்று சேருங்கள். அவர் கேட்காவிட்டால் யாரை முதலில் பிடிப்பது என்று அந்தக் கட்டட நிர்வாகத்திடம்தான் விசாரிக்க வேண்டும்.

தாமிரபரணிக்காரன்:
என் அனுபவத்தில் கட்டட நிர்வாகம் நகரவே இல்லை அண்ணாச்சி. தேராவில் யாருக்காவது அது பலித்திருந்தால் சொல்லுங்கள்.