விலை முடிந்த பிறகு கேட்கிற கொசுறு: நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

நூல்கண்டு, திருப்பூர்

உள்நாட்டு பிராண்டுகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். விலை, டெலிவரி, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், "அப்புறம், அந்தப் பேக்கிங் மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன சீசனில் வந்த ஒரு ஆர்டர். ஆண்கள் ரவுண்ட் நெக், 30ஸ் காம்ட் சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம், 5,000 பீஸ். இழுபறிக்குப் பிறகு பீஸ் 168 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று முடிந்தது. அட்வான்ஸ் 40 சதவீதம், மீதி சரக்கு ஏற்றும் முன். பேக்கிங், பத்துப் பீஸ் ஒரு கட்டாக ஒரே பாலிபேக்கில்.

மறுநாள் காலை பர்ச்சேஸ் பையன் போன் செய்தார். "அண்ணா, எல்லாம் ஓகே. பீஸ் பீஸா தனித்தனி கவர்ல போட்டு பார்கோடு மட்டும் ஒட்டிக் குடுத்துடுங்க. அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைல்ல?"

அந்த நேரத்தில் வாய் தானாகவே "சரி" என்று சொல்லப் பார்க்கும். 8,40,000 ரூபாய் ஆர்டரில் ஒரு கவர் என்ன பெரிய காசு என்று தோன்றும். நான் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். கவர் 1.10, ஸ்டிக்கர் 35 காசு, தனித்தனியாக மடித்துப் போட்டு ஒட்ட ஆள் கூலி 1.25. பீஸுக்கு 2.70, மொத்தம் 13,500. ஆர்டர் தொகையில் இது இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் எனக்கு இந்த ஆர்டரில் நிற்பது பீஸுக்கு 9 ரூபாய், அதாவது 45,000. அதில் 13,500 என்பது முப்பது சதவீதம். கேட்கிறவர் ஆர்டர் தொகையோடு ஒப்பிட்டுச் சின்னது என்கிறார். நான் ஒப்பிட வேண்டியது என் கையில் நிற்கிற லாபத்தோடு.

அரை மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன். "தாராளமா பண்ணித் தர்றேன் தம்பி. தனிக் கவர், பார்கோடு ரெண்டும் சேர்ந்து பீஸுக்கு 2.70 வரும். நேத்து பேசுன விலை, டேட், அட்வான்ஸ் எல்லாம் அப்படியே இருக்கு. இதைத் தனி லைனா போட்டு அனுப்பட்டுமா, இல்லை பத்துப் பத்தாவே கட்டிடட்டுமா?" அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

"ரெண்டு ரூபாய்க்குப் பண்ணுங்கண்ணா" என்றார். இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டா இரண்டரையா என்று இறங்கினால் அடுத்த கேள்வி 168 பக்கம் திரும்பும். அதனால் ரேட்டைத் தொடாமல், "எல்லாப் பீஸுக்கும் வேணுமா தம்பி?" என்று கேட்டேன். விசாரித்துவிட்டு வந்தார். ஆன்லைனில் விற்கப்போகும் 1,500 பீஸுக்கு மட்டும்தான் தேவையாம், மற்ற 3,500 கடைகளுக்குப் போவது. 1,500 பீஸுக்கு 4,050 ரூபாய் தனி லைனாக பில்லில் ஏறியது. ஆர்டர் அப்படியே நின்றது.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

வெட்டு ஒன்று

இவ்வளவு பேச்சு எதற்கு? "பேசினது பேசினதுதான்" என்று ஒரே வரியில் முடிக்க வேண்டியதுதானே. நான் ஃபேப்ரிகேஷன் வேலை எடுக்கிறேன். கேட், கிரில், ஷெட். கொட்டேஷன் போடும்போதே மூன்று சதவீதம் ஏற்றி வைத்துவிடுவேன். கடைசியில் கேட்டால் அதிலிருந்து கொடுப்பேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் நஷ்டம் இல்லை.

நூல்கண்டு

முடிந்த பேச்சைத் தொடக்கூடாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் அண்ணா. ஏற்றி வைப்பது எங்கள் தொழிலில் நடக்காது. 168-ஐ 173 என்று சொல்லியிருந்தால் பக்கத்து யூனிட்டுக்குப் போயிருக்கும். இரண்டு ரூபாய் வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறுகிற இடம் இது. இன்னொன்று, கேட்டதும் எடுத்துக் கொடுத்தால், அடுத்த ஆர்டரில் கேட்டால் கிடைக்கும் என்று அவர் தெரிந்துகொள்கிறார்.

மாடிவீடு

எனக்கும் இதே கதைதான். வாடகை 14,000 என்று பேசி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். சாமான் ஏற்றுகிற வாரம் ஓனர் கூப்பிட்டு 15,500 வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டு குடியேறினோம். இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்?

பழைய பர்ச்சேஸ், கோவை

மாடிவீடு, உங்களுக்கு நடந்தது வேறு. பேசிய வாடகையையே அவர் மாற்றிவிட்டார். கொசுறு கேட்கிறவர் பேசியதை ஒத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்று கேட்பார். உங்கள் ஓனரிடம் "அதற்குத் தனியாக இவ்வளவு" என்று சொல்ல முடியாது. "14,000-க்குத்தான் டோக்கன் கொடுத்தேன், இல்லையென்றால் டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள்" என்பதுதான் பேச்சு. சாமான் கட்டி நிற்கிற நேரத்தில் அது கஷ்டம், எனக்குத் தெரியும்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் நீண்ட காலம் பர்ச்சேஸில் இருந்தவன். காஸ்டிங், வைண்டிங் ஒயர், பேரிங் எல்லாம் வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்வியை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

விலை முடியும்வரை சப்ளையர் விறைப்பாக இருப்பார். முடிந்ததும் தளர்ந்துவிடுவார், ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, இனி எதற்கும் அதை விடக்கூடாது என்று நினைப்பார். அந்த நேரத்தில் லாரி வாடகை உங்களுடையதா, வாரண்டியை ஆறு மாதம் நீட்டலாமா என்று கேட்டால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். முதல் நாளே கேட்டிருந்தால் அதையும் சேர்த்து விலை சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கடைசியில் கேட்பது.

சப்ளையர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த நேரத்தில் எனக்கும் திரும்பிப்போக வழியில்லை. மூன்று கொட்டேஷனை ஒப்பிட்ட தாளில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார், மற்ற இருவருக்கும் இல்லை என்று சொல்லியிருப்பேன், புரொடக்‌ஷனுக்குத் தேதி கொடுத்திருப்பேன். லாரி வாடகை கிடைக்கவில்லை என்று ஆர்டரை ரத்து செய்தால் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள். மரியாதையாக "அது தனி சார்" என்று சொன்ன சப்ளையர் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை, அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். ஆனால் ஒப்பீட்டுத் தாளே இன்னும் முடியாமல், வெறும் வாய்ப்பேச்சில் "உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அப்போது இரண்டாவது ஆள் இன்னும் வெளியே காத்திருக்கிறார்.

நிஜத் தேவையா, சும்மா கேட்டுப் பார்க்கிறார்களா என்று கண்டுபிடிக்க, நூல்கண்டு செய்ததுபோல் விவரம் கேளுங்கள். எத்தனை, எந்த அளவு, எங்கே போகிறது? தேவை இருந்தால் பதில் வரும். சும்மா கேட்டவர் "பரவாயில்லை விடுங்க" என்பார்.

கணக்குப்பிள்ளை

எங்கள் பக்கம் பெரும்பாலும் கிரெடிட்டில்தான் கேட்பார்கள். "30 நாள் என்று போட்டிருக்கோம், 45 ஆக்கிடுங்க." பேக்கிங் மாதிரி இதற்குச் செலவு கண்ணில் படாது. 8,40,000 ரூபாய் கூடுதலாகப் பதினைந்து நாள் வெளியே நின்றால், பேங்க் ஓவர்டிராஃப்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் சுமார் 4,100 ரூபாய். அதையும் கவர் மாதிரியே ரூபாயில் சொல்லுங்கள்.

60 நாள் என்று கேட்டால் சுலபம். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. "எனக்கு ஆட்சேபணை இல்லை சார், உங்க ஆடிட்டர்தான் ஒத்துக்க மாட்டார்" என்று சொல்லிவிடலாம்.

வெட்டு ஒன்று

அப்படியென்றால் 45 நாளில் பணம் வந்துவிடுமா?

கணக்குப்பிள்ளை

வந்துவிடும் என்று சொல்லவில்லை. வட்டி கேட்க உரிமை உண்டு. அடுத்த ஆர்டரை நினைத்துக் கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

ஊசிமுனை

நான் கல்யாண பிளவுஸ், ஆரி வேலை செய்கிறேன். என் வாடிக்கையாளர்களுக்கு மேலதிகாரியும் கிடையாது, ஒப்பீட்டுத் தாளும் கிடையாது. 4,500 ரூபாய்க்கு வேலை பேசி அளவெடுத்து முடிந்ததும், "அக்கா, சேலைக்கு ஃபால்ஸ் வச்சு முந்தில குஞ்சம் மட்டும் கட்டிக் குடுத்துடுங்கக்கா" என்பார்கள். தங்கச்சி மாதிரி உரிமையோடு கேட்பவரிடம் எப்படி ரேட் சொல்வது?

இப்போது அளவு எழுதும் நோட்டிலேயே ஃபால்ஸ், குஞ்சம், ஓரம் அடிப்பது எல்லாவற்றுக்கும் ரேட் எழுதி கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கேட்டால் விரலை அதில் வைத்து, "இதுல எது எதுன்னு சொல்லும்மா, சேர்த்து எழுதிக்கறேன்" என்பேன். எழுதி வைத்திருந்தால் அவர்களுக்கும் மனசு நோகவில்லை. ஆனால் வருஷக்கணக்காக வருகிற வீட்டாருக்கு ஃபால்ஸ் இலவசமாகத்தான் வைத்துக் கொடுக்கிறேன். அது தப்பா?

பழைய பர்ச்சேஸ்

தப்பில்லை அம்மா. ஆனால் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிக் கொடுங்கள், பில்லிலும் "ஃபால்ஸ், இலவசம்" என்று எழுதுங்கள். கேட்ட பிறகு கொடுத்தால் அது உங்கள் அன்பளிப்பாகத் தெரியாது.

ஊசிமுனை

பில்லில் இலவசம் என்று எழுதினால் சொல்லிக்காட்டுகிற மாதிரி இருக்குமே. எங்கள் ஊரில் அதை ரசிக்க மாட்டார்கள். எழுதாமலே கொடுக்கிறேன்.

நூல்கண்டு

பழைய பர்ச்சேஸ் ஐயா, ஒரு சந்தேகம். காசு வாங்காமல் பதிலுக்கு வேறொன்று கேட்கலாமா? "கவர் போட்டுத் தர்றேன், அட்வான்ஸை 50 ஆக்குங்க" என்று?

பழைய பர்ச்சேஸ்

அட்வான்ஸ் ஏற்கெனவே பேசி முடித்தது. அதை நீங்கள் தொட்டால் அவர் 168-ஐத் தொடுவார். இதுவரை பேச்சில் வராத ஒன்றைக் கேளுங்கள். உங்கள் தொழிலில் கட்டிங்கில் பீஸ் கூடக் குறைய வரும் அல்லவா, அதிகமாக வருகிற பீஸை எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசியிருந்தீர்களா?

நூல்கண்டு

இல்லை. பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது பீஸ் கூட வரும். அது எங்கள் தலையில்தான் நிற்கும்.

பழைய பர்ச்சேஸ்

அப்படியானால் மூன்று சதவீதம்வரை கூட வந்தால் அதே ரேட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். 150 பீஸ் உங்களிடம் தேங்காமல் 25,200 ரூபாய்க்குப் போகும். அவருக்கு அது விற்கிற சரக்குதான்.

இன்னொன்று. எது ஒத்துக்கொண்டாலும் பழைய பர்ச்சேஸ் ஆர்டரை, அதாவது பிஓ-வைத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்திய பிஓ மறுபடி ஒப்புதலுக்குப் போகும், அங்கே புதிதாக ஒருவர் ரேட்டைப் பார்த்துவிட்டு உட்காருவார். அன்று சாயங்காலமே மெயில் போடுங்கள்: பிஓ நம்பர் இன்னது, அதில் எந்த மாற்றமும் இல்லை, கூடுதலாக இந்த ஒன்று, இந்த ரேட்டில். அவர் "ஓகே" என்று ஒரு பதில் போட்டால் போதும்.

மாடிவீடு

எங்கள் ஓனர் இப்போது மோட்டார் கரண்ட் பில்லையும் எங்களைக் கட்டச் சொல்கிறார். வாடகை அப்படியே இருக்கிறது, இது மேலே கேட்பது. இதுதானே நீங்கள் சொல்வது?

பழைய பர்ச்சேஸ்

இதுதான். எத்தனை வீட்டுக்கு அந்த மோட்டார், மாதம் எவ்வளவு பில் வருகிறது என்று முதலில் கேளுங்கள்.