துண்டில் “1/12”, “2/52” என்று இருக்கு, எப்படி வாசிக்கிறது?

உவர்மலை மகன்:
அப்பாவை மாரடைப்புக்கு வாட்டில வச்சிருந்து நேற்று துண்டு வெட்டி அனுப்பினவை. ஸ்டென்ட் வைக்கேல்ல. குளோபிடோகிரல் 75 மில்லிகிராமுக்குப் பக்கத்தில 1/12 என்று இருக்கு. டிசம்பர் முதலாம் திகதி வரைக்கும் குடுக்கச் சொல்லியிருக்கு என்கிறார் அண்ணா. கீழே “கிளினிக் 2/52”, “கிரியட்டினின், பொட்டாசியம் 1/52”. இன்னொன்று: பழைய கிளினிக்கில தந்த லொசார்டான் வீட்டில மிச்சம் கிடக்கு. துண்டில அது இல்லை, எனலாப்ரில்தான் இருக்கு. இரண்டையும் குடுக்கிறதா?

கிண்ணியா வாசகன்:
அது திகதி இல்லைத் தம்பி. கீழே 12 என்றால் மாதக் கணக்கு, 52 என்றால் கிழமைக் கணக்கு. 1/12 ஒரு மாதம். ஒரு மாதத்தோட குளோபிடோகிரலை நிப்பாட்டலாம்.

பாமசி அக்கா:
கணக்குச் சரி, நிப்பாட்டுறதுதான் பிழை. தம்பி, அஸ்பிரின், கொலஸ்ட்ரோல் குளிசை எல்லாத்துக்கும் 1/12 போட்டிருக்கா பாருங்கோ. இருந்தா அது ஒரு மாதத்துக்குக் குடுத்த மருந்தின் அளவு. மாரடைப்புக்குப் பிறகு அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் பொதுவா ஒரு வருஷமளவு சேர்த்துக் குடுப்பினம். ரத்தம் கசியிற ஆபத்து கூடினவைக்குக் குறைப்பினம், அதை டொக்டர்தான் சொல்லோணும். குளிசை முடியிறதுக்கு முந்தியே அடுத்த மாதத்துக்கு வாங்கி வையுங்கோ.

உவர்மலை மகன்:
ஓம் அக்கா, எல்லாத்துக்கும் 1/12தான்.

மூதூர் பிள்ளை:
எங்கட அம்மாவுக்கும் எனலாப்ரில் குடுத்தவை. இரவு முழுக்க வறட்டு இருமல். பிறகு லொசார்டானுக்கு மாத்தினவை, இருமல் போயிட்டுது. பாணி மருந்து ஒன்றும் சரிவரேல்ல.

பாமசி அக்கா:
பிள்ளை சொன்னது இங்க முக்கியம். தம்பி, அப்பாவுக்கும் அப்படி இருமி லொசார்டானுக்கு மாத்தினவையோ? அப்படியெண்டா வாட்டில அது தெரியாமப் போயிருக்கலாம். எனலாப்ரிலும் லொசார்டானும் உடம்பில ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்யுது. சேர்த்துக் குடுத்தா பிரஷர் இறங்கும், பொட்டாசியம் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கும். கிழமையில ரத்தம் பார்க்கச் சொன்னதும் எனலாப்ரிலைச் சிறுநீரகம் தாங்குதா என்று பார்க்கத்தான். அதைத் தவற விடாதேங்கோ, ரிப்போர்ட்டையும் கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ.

இன்றைக்குத் துண்டில உள்ளதை மட்டும் குடுங்கோ. லொசார்டானை வேற பையில போட்டுத் தள்ளி வையுங்கோ. துண்டில அப்பாவை வாட்டில பதிஞ்ச பி.எச்.ரி. இலக்கம் இருக்கும், அதைச் சொல்லி வாட்டுக்குப் போன் எடுத்து, “லொசார்டானை நிப்பாட்டினதோ, எழுத விட்டுப்போனதோ” என்று நேரடியாகக் கேளுங்கோ. நெஞ்சு திரும்ப நொந்தா இதொன்றும் பார்த்துக்கொண்டு இருக்காம 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

கிண்ணியா வாசகன்:
பழைய பையில அஸ்பிரினும் இருக்கா பாருங்கோ. பேர் மாறி வந்தா இரண்டு தரம் போயிடும்.

உவர்மலை மகன்:
இருக்கு அண்ணா, எடுத்து வச்சிட்டன். இருமலைப் பற்றி அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, பழைய கிளினிக் கொப்பியைத் தேடுறம். வாட்டில போன் எடுக்கினமில்லை. நாளைக்குக் காலமை இரண்டு பையோடயும் நேரா போறன்.